நின்றபடி தூங்கும் குதிரையும் அதன் காதும்: கிட்டே போவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

புதுச்சேணம்
குதிரையேற்றம் கற்றுக்கொள்ளச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. வகுப்பு முடிந்த பிறகு லாயத்தில் சும்மா நின்று வேடிக்கை பார்ப்பேன். மதியத்தில் பாதிக் குதிரைகள் நின்றபடியே தூங்குகின்றன. தலை முதுகு மட்டத்துக்கு இறங்கியிருக்கும், கீழுதடு தொங்கும், ஒரு பின்னங்காலை மட்டும் குளம்பின் நுனியில் ஊன்றி வைத்திருக்கும். இவ்வளவு எடையை வைத்துக்கொண்டு தூக்கத்தில் ஏன் விழுவதில்லை?

இன்னொரு சந்தேகம். அறைக்குள் நுழையுமுன் "காதைப் பார்த்துட்டுப் போ" என்று லாயக்காரர் சொல்கிறார். காதில் என்ன பார்க்க வேண்டும் என்று கேட்டால் "பழகினா தெரியும்" என்கிறார். எனக்குப் பழகும்வரை உதை வாங்காமல் இருக்க வேண்டுமே!

அப்புறம் ஒன்று. அங்கே வயதான பெட்டைக்குதிரை ஒன்று உண்டு. நின்று தூங்கும்போது திடீரென்று அதன் முன்னங்கால்கள் மடங்கும், மூக்கு தரையைத் தொடப் போகும், சட்டென்று விழித்து நிமிரும். எல்லோரும் அதைத் தூங்குமூஞ்சி என்று கேலி செய்கிறார்கள். இது சாதாரணம்தானா?

வேகநடை
ரொம்பச் சிம்பிள். குதிரைக்கு நாலு காலிலும் பூட்டு இருக்கிறது. தூக்கம் வந்ததும் நாலையும் பூட்டிக்கொள்ளும், தசைக்கு வேலையே கிடையாது. காது முன்னால் இருந்தால் சந்தோஷம், பக்கவாட்டில் இருந்தால் தூக்கம், பின்னால் போனால் கோபம். கிழட்டுக் குதிரை தூங்கி விழுவது வயசுக் கோளாறு, விடுங்கள்.

குளம்பு டாக்டர்
வேகநடை சொன்னதில் பூட்டு உண்மை. நாலு காலிலும் என்பதுதான் உதைக்கிறது.

பூட்டு பின்னங்காலில்தான் இருக்கிறது. குதிரையின் முழங்கால் என்று நாம் நினைப்பது பெரும்பாலும் கீழே பின்பக்கம் துருத்தி நிற்கும் குதிமூட்டை. உண்மையான முழங்கால் அதற்கு மேலே, அடிவயிற்றை ஒட்டி, தோலுக்குள் ஒளிந்திருக்கிறது. அங்கே தொடை எலும்பின் கீழ்முனையில் முன்பக்கமாக இரண்டு மேடுகள் உண்டு. உட்புற மேடு பெரியது, அதன் உச்சி குமிழ்போல் இருக்கும். முழங்கால் சில்லும் அதைக் கீழெலும்போடு இணைக்கும் நார்களும் சேர்ந்து ஒரு வளையம் மாதிரி அமைந்திருக்கின்றன. குதிரை காலை நேராக்கிச் சில்லை லேசாக மேலே தூக்கி உள்பக்கம் திருப்பினால், அந்த வளையம் குமிழில் மாட்டிக்கொள்ளும். கதவுக் கொக்கியை வளையத்தில் மாட்டுவது போலத்தான். மாட்டிய பிறகு முழங்கால் மடங்காது.

இதில் அழகு என்னவென்றால், முழங்காலும் குதிமூட்டும் தனித்தனியாக மடங்க முடியாது. காலின் முன்புறம் ஒன்று, பின்புறம் ஒன்று என இரண்டு நாண்கள் இரண்டு மூட்டுகளையும் இழுத்துக் கட்டியிருக்கின்றன. ஒன்று நின்றால் மற்றதும் நின்றாக வேண்டும். ஆக, மேலே ஒரு கொக்கி போட்டால் கீழே உள்ள மூட்டும் தானாக உறுதியாகிவிடும்.

இரண்டு பின்னங்கால்களையும் சேர்த்துப் பூட்டிக்கொண்டு தூங்குவதும் இல்லை. ஒரு கால் பூட்டி எடையைத் தாங்கும், மற்றது குளம்பு நுனியில் ஓய்வெடுக்கும், அந்தப் பக்கத்து இடுப்பு கொஞ்சம் இறங்கியிருக்கும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளும். நீங்கள் பார்த்த நுனிக்கால் அதுதான்.

முன்னங்காலில் இந்தக் கொக்கி கிடையாது. அங்கே நார்களும் நாண்களுமே தூண் வேலை செய்கின்றன. குதிரைக்குக் காறை எலும்பு இல்லை. நெஞ்சுக்கூடு இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவில், நார் கலந்த தசைப்பட்டைகளில் தொட்டில் கட்டித் தொங்குகிறது. தோளின் முன்பக்கமாக இறங்கும் கயிறு போன்ற நாண், தோள்மூட்டு சரியாமல் பிடிப்பதோடு, கிளை விட்டு முன்முட்டி மடங்காமலும் பார்த்துக்கொள்கிறது. குளம்புக்கு மேலுள்ள கணுமூட்டை, காலின் பின்புறத்தில் ஓடும் தடித்த நார் தாங்குகிறது.

தசைக்கு வேலையே இல்லை என்பதும் முழுச் சரியில்லை. நின்று ஓய்வெடுக்கும் குதிரையின் தொடையில் மின்முனை வைத்து அளந்தபோது, சில்லைக் குமிழில் நிறுத்தும் உட்பக்கத் தசை சிறிதளவு வேலை செய்துகொண்டே இருப்பது தெரிந்தது. மிகக் குறைவு, ஆனால் சுழி அல்ல. அந்தக் கிழவியைப் பற்றி யோசிக்கும்போது இதுவும் நினைவில் இருக்கட்டும்.

ஒரு குறிப்பு: உடல் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னங்கால்களில் விழுகிறது. நல்ல குதிரை முன்னங்கால்களை மாற்றி மாற்றி ஓய்வெடுக்காது. ஒரு முன்னங்காலை மட்டும் முன்னே நீட்டி வைத்துக்கொண்டே நின்றால் அதை ஓய்வு என்று நினைக்காதீர்கள். அந்தக் காலில் வலி இருக்கிறதா என்று பாருங்கள்.

மாலைச்சவாரி
இதைத்தான் கேட்க வந்தேன். என் மூன்று வயதுக் குட்டிக்கு இந்தத் தூக்க வியாதி இருக்கிறது. ராத்திரி முழுக்க நின்றுவிட்டுக் காலையில் வெளியே கூட்டி வந்தால், ஒரு பின்னங்கால் பின்னோக்கி நீட்டினபடியே விறைத்துப் போகிறது. குளம்பைத் தரையில் இழுத்துக்கொண்டு வரும். கொஞ்ச நேரத்தில் "டக்" என்று சத்தம், சரியாகிவிடும். கால் இன்னும் தூங்கிக்கொண்டிருக்கிறதா?

குளம்பு டாக்டர்
கால் தூங்கவில்லை. மாட்டின கொக்கி கழலவில்லை. நான் மேலே சொன்ன அதே பூட்டுதான். நடக்கத் தொடங்கும்போது சில்லைக் குமிழிலிருந்து தூக்கி விடுவிக்கத் தொடைத் தசைக்கு வலு வேண்டும். வளர்கிற வயது, தொடையில் சதை போதவில்லை, பின்னங்கால் அமைப்பே கொஞ்சம் நேராக இருக்கிறது என்றால் இப்படி ஆகும். சின்ன இனக் குதிரைகளில் கூடுதலாகப் பார்க்கலாம்.

அந்த நேரத்தில் முன்னால் பிடித்து இழுக்காதீர்கள். இரண்டொரு அடி பின்னால் நடக்க வையுங்கள், பெரும்பாலும் கழன்றுவிடும். அறைக்குள்ளேயே அடைத்து வைத்தால் மோசமாகும். வெளியில் விடுங்கள், மேடான தரையில் நிதானமாக நடக்க வையுங்கள், குளம்புச் சமநிலையைப் பார்க்கச் சொல்லுங்கள். தசை ஏறினால் பல குட்டிகளுக்குத் தானே போய்விடும். முன்பெல்லாம் அந்த உட்புற நாரை அறுத்துவிடுவார்கள். அறுத்த சில குதிரைகளுக்குப் பின்னாளில் சில்லின் கீழ்முனை சிதைந்ததால் இப்போது அதைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறோம். உங்கள் ஊர் மருத்துவர் நேரில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மாலைச்சவாரி
நன்றி டாக்டர். நான் இவ்வளவு நாளும் முன்னால் இழுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

புதுச்சேணம்
கால் புரிந்தது. காதுக்கு யாராவது வாருங்கள்.

செவ்வந்தி
நான் வரேன். சின்ன வயதிலிருந்து லாயத்து வேலைதான்.

தூங்குகிற குதிரையின் காது இரண்டும் தளர்ந்து பக்கவாட்டில் சரிந்திருக்கும், குழி வெளிப்பக்கமோ கீழ்ப்பக்கமோ பார்க்கும். ஆனால் அதே நிலையில் இரண்டு வகை உண்டு. நீங்கள் எட்ட நின்று வாளியை லேசாகத் தட்டினால், ஒரு காது மட்டும் மெதுவாக உங்கள் பக்கம் திரும்பி மறுபடி சரிந்தால், அது அரைத்தூக்கம். ஆள் இருப்பது பதிவாகிவிட்டது. காது அசையவே இல்லை என்றால் அதற்கு நீங்கள் அங்கே இல்லை. அந்த நேரத்தில் கையைப் போட்டால் அது முதலில் துள்ளும், அப்புறம்தான் யாரென்று பார்க்கும்.

அதனால் நான் செய்வது இதுதான். நேர் பின்னாலிருந்து போகமாட்டேன், அங்கே அதற்குக் கண் தெரியாது. தோள்பட்டைப் பக்கமாக, சாய்வாக, பேசிக்கொண்டே போவேன். காது என் பக்கம் வரும், பிறகு கண், பிறகு தலை. மூன்றும் வந்த பிறகே தொடுவேன். காது மட்டும் வந்து தலை வரவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் பேசுவேன். தூங்குகிற ஆளைத் தட்டி எழுப்ப எனக்கு என்ன அவசரம்?

வேகநடை தம்பி, "பின்னால் போனால் கோபம்" என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள முடியாது. பின்னால் திரும்பின காது வேறு, படிந்த காது வேறு. குழி பின்னோக்கித் திரும்பியிருந்தால் அது பின்னால் இருக்கும் எதையோ கேட்கிறது. சவாரியில் உங்கள் குரலுக்கும் அப்படித்தான் திருப்பும். படிந்த காது பிடரியோடு ஒட்டிக்கிடக்கும், முன்னாலிருந்து பார்த்தால் குழியே தெரியாது. கூடவே மூக்கு சுருங்கும், வாய் இறுகும். அதைப் பார்த்தால் நான் நகர்ந்துவிடுவேன்.

வேகநடை
அக்கா, பந்தயத்தில் முழு ஓட்டத்தில் காது படிந்துதான் இருக்கிறது. அப்போ எல்லாக் குதிரையும் கோபத்திலா ஓடுகிறது?

செவ்வந்தி
இதைத்தான் நானும் சொல்கிறேன், தம்பி. காது தனியாக எதையும் சொல்லாது. ஓடும் உடம்பில் படிந்த காதும், தீவனத் தொட்டி முன்னால் நிற்கும் உடம்பில் படிந்த காதும் ஒன்றா?

எண்ணெழுத்து
குதிரை வளர்த்தது இல்லை, ஆனால் இந்த விஷயத்தில் ஒரு ஆய்வு படித்திருக்கிறேன். சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் செய்தது, 2014இல் வெளியானது. இரண்டு தீவன வாளிகள். நடுவில், ஒரு வாளியைப் பார்த்துத் தலை திருப்பியிருக்கும் குதிரையின் ஆளுயரப் படம். உண்மைக் குதிரையை அவிழ்த்துவிட்டால் அது படக்குதிரை பார்க்கும் வாளிக்குப் போகிறது. படத்தில் காதை மூடிக் காட்டினாலும் சரி, கண்ணை மூடிக் காட்டினாலும் சரி, அந்தத் தேர்வு குத்துமதிப்பாகிவிடுகிறது. தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது மட்டும் அவற்றுக்குப் போதவில்லை. ஆக, காது பேசுவது முதலில் மற்றக் குதிரைகளோடு. நாம் ஒட்டுக்கேட்கிறோம்.

செவ்வந்தி அக்கா "பேசிக்கொண்டே போவேன்" என்றதற்கும் ஒரு காரணம் தோன்றுகிறது. காது அவ்வளவு சுழன்றாலும், ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று துல்லியமாகச் சொல்வதில் குதிரை மட்டம். நமக்கு ஏறக்குறைய ஒரு பாகை வித்தியாசம் தெரியும், குதிரைக்குச் சுமார் 25 பாகை வேண்டும். காது உங்கள் பக்கம் திரும்பியது என்றால் "அந்தப் பக்கம் ஏதோ" என்றுதான் அதற்குத் தெரியும். மீதியைக் கண்ணால்தான் கண்டுபிடிக்க வேண்டும். தொடர்ந்து பேசினால் நீங்கள் நகர நகர அதற்குத் தெரிந்துகொண்டே இருக்கும்.

இன்னொன்று, நமக்கு 20,000 ஹெர்ட்ஸோடு முடிந்துவிடும் ஒலி அவற்றுக்கு 33,000 வரை கேட்கும். ஒன்றுமில்லாத மூலையைப் பார்த்துக் காதைத் தூக்கினால் பேய் என்று முடிவு கட்ட வேண்டாம்.

குளம்பு டாக்டர்
காதில் இன்னொரு நிலை விட்டுப்போய்விட்டது, புதியவர்கள் ஏமாறுவது அதில்தான். இரண்டு காதும் விறைப்பாகப் பின்னும் வெளியுமாகத் திரும்பி, நடுவில் இடைவெளி அகன்று நிற்கும். கண் பாதி மூடியிருக்கும். பார்த்தால் தூக்கம் மாதிரியே இருக்கும். ஆனால் இது வலி. தூங்குகிற காது தொங்கும், வலியில் இருக்கும் காது பிடித்து வைத்தது போல் நிற்கும். கீழுதடும் தொங்காது, தாடையும் கண்ணின் மேல்பக்கமும் இறுகியிருக்கும். குதிரை முகத்தில் வலியை மதிப்பிட மருத்துவர்கள் பார்க்கும் ஆறு அடையாளங்களில் இந்தக் காது ஒன்று.

இப்போது கிழவிக்கு வருவோம். அதைக் கேலி செய்வதை நிறுத்தச் சொல்லுங்கள். புதுச்சேணம், மூன்று விஷயம் பார்த்துச் சொல்ல முடியுமா? முன்னங்கால் கணுமூட்டின் முன்பக்கத்தில் முடி உதிர்ந்தோ காய்ப்பாகவோ இருக்கிறதா? காலையில் அதன் உடம்பிலோ வாலிலோ படுக்கை வைக்கோல் ஒட்டியிருக்கிறதா? அது படுத்து யாராவது பார்த்திருக்கிறார்களா?

புதுச்சேணம்
பார்த்தேன். இரண்டு கணுக்களின் முன்பக்கமும் முடி இல்லை, ஒன்றில் பொருக்குத் தட்டியிருக்கிறது. உடம்பில் வைக்கோல் ஒட்டியிருந்து லாயக்காரர் பார்த்ததே இல்லையாம். படுத்தும் பார்த்ததில்லை. "நின்னே தூங்குற சாதி, எதுக்குப் படுக்கணும்" என்கிறார். பக்கத்து அறையில் இருந்த அதன் கூட்டாளிக் குதிரையை வேறிடத்துக்கு அனுப்பிய பிறகுதான் இந்தத் தலைகுப்புறச் சரிவு கூடியதாம். குதிமூட்டில் கொஞ்சம் விறைப்பு இருக்கிறது, காலை நடையில் தெரிகிறது.

குளம்பு டாக்டர்
"எதுக்குப் படுக்கணும்" என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

குதிரை ஒரு நாளில் மொத்தமாக மூன்றிலிருந்து ஐந்து மணி நேரம், துண்டு துண்டாகத் தூங்கும். இதில் பெரும்பகுதியை நின்றபடியே முடித்துவிடலாம். ஆனால் ரெம் தூக்கம் என்ற பகுதியில் உடம்பின் தசைகள் முழுவதும் தளர்ந்துவிடும். சில்லைப் பிடித்து நிறுத்தும் அந்தச் சின்னத் தசை வேலையும் அப்போது நின்றுபோகும், கழுத்தும் தோளும் தளரும். பூட்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ரெம் தூக்கத்தை நின்று தூங்க முடியாது. அதற்குக் குதிரை படுத்தாக வேண்டும். பக்கவாட்டில் நீட்டிப் படுக்கலாம், இல்லாவிட்டால் நெஞ்சு ஊன்றி உட்கார்ந்த நிலையில் முகவாயைத் தரையில் வைத்துக்கொள்ளலாம். நாளுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் போதும். அதைத் தொடர்ந்து இழந்தால், மூளை ஒரு கட்டத்தில் நிற்கும்போதே அந்தத் தூக்கத்துக்குள் சரிய முயலும். முன்முட்டி மடங்கும், கணுவின் முன்பக்கம் தரையில் உராயும், அதிர்ச்சியில் விழிக்கும். அந்தக் காய்ப்பு அப்படி வந்ததாகத்தான் இருக்கும்.

இதை நரம்புக் கோளாறு என்று முத்திரை குத்திவிடுவார்கள். பெரிய குதிரைகளில் பெரும்பாலும் இது வெறும் தூக்கக் கடன். ஏன் படுக்கவில்லை என்பதுதான் கேள்வி. படுத்து எழுவது வலிக்கலாம். இடம் போதாமல் இருக்கலாம். காவலுக்கு இன்னொரு குதிரை இல்லை என்ற பயமாகவும் இருக்கலாம்.

அதுவரை அதன் முன்னால் குனிந்து குளம்பு சுத்தம் செய்வது, கட்டிப்போட்டுவிட்டு நெஞ்சுக்குக் கீழே உட்காருவது எல்லாம் வேண்டாம். சவாரியும் வேண்டாம். அமைதியாக நிற்கும் நேரத்தில்தான் சரியும். தலை இறங்கி, நீங்கள் கூப்பிட்டும் காது திரும்பவில்லை என்றால் ஒதுங்கி நின்று சத்தமாகக் கூப்பிடுங்கள்.

வேகநடை
போன வாரம் ஒரு குதிரை மதியத்தில் நீட்டிப் படுத்துக் காலையும் காதையும் இழுத்து இழுத்துத் துடித்தது. செத்துப்போகிறது என்று கத்திக் கூட்டம் கூட்டிவிட்டார்கள். அப்போ அதுதான் இந்த ரெம்மா?

செவ்வந்தி
அதேதான். அதைப் பார்த்தால் சந்தோஷப்பட வேண்டும். அந்தக் குதிரைக்கு அந்த இடம் பாதுகாப்பு என்று அர்த்தம். ஆனால் படுப்பதும் எழுவதுமாக இருந்து, வியர்த்து, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தால் அது வயிற்று வலி, உடனே மருத்துவர் வர வேண்டும்.

புதுச்சேணம்
லாய உரிமையாளரிடம் பேசி இரவில் கேமரா வைத்தோம். பதிவில் கிழவி அறைக்குள் சுற்றிச் சுற்றி வருகிறது, தரையை முகர்கிறது, முன்முட்டியை மடக்கத் தொடங்குகிறது, பாதியில் விட்டுவிட்டு நிமிர்ந்துவிடுகிறது. திரும்பத் திரும்ப இதையேதான் செய்கிறது. ஒரு இரவில்கூடப் படுக்கவில்லை. காது மட்டும் கூட்டாளி இருந்த காலி அறைப் பக்கம் போய்ப் போய் வருகிறது.

குளம்பு டாக்டர்
படுக்க விரும்புகிறது, தொடங்குகிறது, மடக்கும்போது நிறுத்துகிறது. என் கணிப்பு வலி. குதிமூட்டு விறைப்பும் ஒத்துப்போகிறது. நேரில் பார்க்கும் மருத்துவரிடம் சொல்லிச் சில நாட்களுக்கு வலிமருந்து கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கேமரா ஓடட்டும். படுத்துவிட்டால் விடை கிடைத்துவிடும்.

செவ்வந்தி
டாக்டர், மன்னிக்கணும், நான் கூட்டாளி பக்கம். அந்தக் காது எங்கே போகிறது என்று பாருங்கள். கூட்டாளி போன பிறகுதான் கூடியது என்கிறார்கள். மூட்டு விறைப்பு அதற்கு முன்னாலும் இருந்திருக்குமே?

குளம்பு டாக்டர்
இருந்திருக்கும். தோழமை இருந்தவரை வலியைப் பொறுத்துப் படுத்திருக்கலாம், இரண்டும் சேர்ந்தபோது விட்டிருக்கலாம். கேமராவை வைத்து மட்டும் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் இரண்டையும் ஒன்றாக மாற்றாதீர்கள் என்கிறேன். முதலில் மருந்து. பலனில்லை என்றால் பக்கத்தில் ஒரு சாதுவான குதிரை. படுக்கையை மட்டும் இன்றே சரி செய்யலாம்: சுவர் ஓரம்வரை, அழுத்தினால் தரை தட்டாத கனத்துக்கு.

புதுச்சேணம்
படுக்கை போட்டாயிற்று. மருத்துவர் இந்த வாரம் வருகிறார், மருந்து தொடங்கியதும் பதிவைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். லாயக்காரர் இன்னும் "கிழவி நடிக்கிறா" என்றுதான் சொல்கிறார். ஆனால் அவரும் இப்போது தூரத்திலிருந்தே குரல் கொடுத்துவிட்டுத்தான் அதன் அறைக்குள் போகிறார்.